படுவான்கரைக் குடிநீர்: பம்பி எரிந்த பிறகு யார் வாங்குவது?

மாவட்ட அபிவிருத்தி ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போகிற ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் மடியில் அன்று காலை வந்து விழும் கடிதங்களில் பாதிக்கு மேல் குடிநீர் பற்றியவை. ஒரு கிராமம் தாங்கி கேட்கும், இன்னொன்று குழாய்க் கிணறு கேட்கும், மூன்றாவது பவுசர் அனுப்பச் சொல்லும். எல்லாம் நியாயமான கோரிக்கைகள். ஆனால் வாகனத்தில் இருக்கும் ஐந்து நிமிடத்தில் அவருக்குக் குடிநீர் பற்றி ஒரே ஒரு விடயத்தைச் சொல்லலாம் என்றால், நான் சொல்வது இதுதான்: மட்டக்களப்பின் கிராமப்புறத்தில் புதிதாகக் கட்டாததால் தண்ணீர் இல்லாமல் இருக்கும் ஊர்களைவிட, கட்டியது நின்றுபோனதால் தண்ணீர் இல்லாமல் இருக்கும் ஊர்களை முதலில் பாருங்கள். அவற்றுக்குச் செலவு குறைவு, பலன் உடனே. கட்டியது ஏன் நிற்கிறது என்பது தெரிந்தால், அடுத்து கட்டப்போவதையும் நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரை மணல் நிலம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கடல் உப்பு நீருக்கு மேலே ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. அதனால் அங்கே பத்துப் பதினைந்து அடியில் கிணற்றில் தண்ணீர் வரும். அங்குள்ள சிக்கல் அளவில் இல்லை, தரத்தில்: வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழி, தோட்டத்துக்குப் போடும் உரம், அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து ஏறும் உப்பு. அது தனியாக எழுத வேண்டிய விடயம். படுவான்கரை வேறு. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களில் வாவியோரத்தை விட்டு மேற்கே போகப் போகக் கீழே பாறைதான். பாறைக்கு மேலே சிதைந்த மண்படை கொஞ்சம், அதற்குள் நிற்கும் நீரும் கொஞ்சம். அதற்குக் கீழே தண்ணீர் பாறை வெடிப்புகளில் மட்டுமே இருக்கிறது. வெடிப்பில் இறங்கிய குழாய்க் கிணறு ஊருக்கே தண்ணீர் கொடுக்கும். இருபது மீற்றர் தள்ளி இறக்கினால் தூசிதான் வரும்.

மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஆனால் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. மேயில் தொடங்கும் கச்சான் காற்று நிலத்தை உலர்த்திக்கொண்டே போய், ஓகஸ்ட், செப்ரெம்பரில் கிணறுகளின் அடியைக் காட்டிவிடும். படுவான்கரையில் ஒரு குடிநீர்த் திட்டம் நல்லதா இல்லையா என்பதை அந்த இரண்டு மாதங்கள்தான் சொல்லும். மற்ற மாதங்களில் எல்லாத் திட்டமும் நல்ல திட்டமே.

இந்தப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் இருப்பவை சமூக நீர் வழங்கல் திட்டங்கள். 1990களில் உலக வங்கி உதவியோடு இலங்கையில் பரவிய முறை அது. அரசாங்கமோ உதவி நிறுவனமோ கிணறு, பம்பி, உயரத் தாங்கி, குழாய் எல்லாம் போட்டுக் கொடுக்கும். ஊர் மக்கள் சங்கமாகப் பதிவு செய்து நடத்துவார்கள், மாதக் கட்டணம் எடுப்பார்கள். ஊர்கள் தம் தண்ணீரைத் தாமே நடத்தலாம் என்ற நம்பிக்கையை நான் இன்னும் கைவிடவில்லை. ஆனால் திறப்பு விழாவன்று சாவியோடு சேர்த்து ஊரின் தலையில் ஏற்றப்படும் பொறுப்பு எவ்வளவு என்பதை யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

150 குடும்பங்கள் உள்ள ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு நான்கு பேர், மொத்தம் 600 பேர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்றால் ஊருக்கு 60,000 லீற்றர், அதாவது 60 கனமீற்றர். கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து தாங்கியின் தலைவரை, குழாயின் உராய்வையும் சேர்த்து, 30 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்போம். அவ்வளவு நீரை அவ்வளவு உயரம் தூக்க அடிப்படையில் ஐந்து யூனிட் மின்சாரம் போதும். ஆனால் கிணற்றுக்குள் அமிழ்த்தும் சிறிய பம்பிகள் வாங்கும் மின்சாரத்தில் பாதியைக்கூட வேலையாக மாற்றுவதில்லை. ஆகவே நாளுக்கு 11 யூனிட், மாதத்துக்கு 330 யூனிட் என்று எடுத்துக்கொள்ளலாம். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கூட்டப்பட்டபோது, ஆறே மாதத்தில் அது ஏறக்குறைய மூன்று மடங்கானது. அதன் பிறகும் பலமுறை குறைத்தார்கள், கூட்டினார்கள். சங்கத்தின் மாதக் கட்டணமோ பொதுக் கூட்டம் கூட்டித்தான் மாற வேண்டும். மின்பட்டியல் கூட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை.

அந்த இடைவெளியை அநேக சங்கங்கள் ஒரே வழியில்தான் நிரப்பும். பம்பி மாற்றுவதற்கென்று ஒதுக்கிய காசை எடுத்து மின்பட்டியல் கட்டும். அப்படி ஒதுக்கியே வைக்காத சங்கங்களும் உண்டு.

அந்த ஒதுக்கம் எவ்வளவு பெரியது? மோட்டார், பம்பி, கேபிள், இறக்கும் கூலி எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் என்று ஓர் எடுகோளாக வைப்போம். உண்மை விலையை விலைக்கோரலில் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். இப்படியான பம்பி நன்றாகப் பார்த்தால் ஐந்து முதல் ஏழு ஆண்டு ஓடும். ஐந்து ஆண்டு என்று வைத்தால் மாதம் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். 150 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் 34 ரூபாய்கூட இல்லை. நூறு வீடுதான் ஒழுங்காகக் கட்டும் என்றாலும் வீட்டுக்கு 50 ரூபாய். இந்தச் சிறிய தொகை ஒவ்வொரு மாதமும் தனிக் கணக்கில் போகாததால்தான், ஐந்தாவது வருடம் பம்பி எரிந்ததும் 600 பேரின் குடிநீர் நிற்கிறது.

பம்பி ஏன் எரிகிறது என்பதையும் உறுப்பினர் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் எரிந்த பம்பிக்குப் பதில் இன்னொன்று வாங்கிக் கொடுத்தால், அதே காரணத்தால் அதுவும் எரியும். பொதுவாகக் காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது மின்னழுத்தம். கிராமத்து மின்கம்பி வரிசையின் கடைசியில் பம்பி அறை இருக்கும். மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரை எல்லா வீட்டிலும் விளக்கும் மின்விசிறியும் ஓடும்போது, 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 200க்கும் கீழே இறங்கும். அழுத்தம் குறைந்தால் மோட்டார் அதே வேலைக்குக் கூடிய மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். அந்த நான்கு மணிநேரம் பம்பியை நிறுத்தி, இரவு பத்துக்குப் பிறகு ஓடவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு ஒரு வோல்ட்மானியும், குறைந்த அழுத்தத்தில் தானாக நிறுத்தும் ஒரு சிறு கருவியும், நேரத்தை எழுதி வைக்கும் ஒரு கொப்பியும் வேண்டும்.

இரண்டாவது, கிணற்றில் நீர்மட்டம் பம்பிக்குக் கீழே இறங்கி, பம்பி வெறுமையாய் ஓடுவது. அமிழ்த்தி வைக்கும் பம்பியைச் சுற்றியுள்ள நீர்தான் அதைக் குளிர்விக்கிறது. நீர் போனால் சில நிமிடங்களில் உள்ளே உருகத் தொடங்கும். இதற்கு முன்னறிகுறிகள் உண்டு. குழாயில் தண்ணீர் இடையிடையே காற்றோடு இருமி வரும், பாத்திரத்தில் பிடித்தால் பால்போல் வெளுத்துப் பிறகு தெளியும், தாங்கியின் அடியில் மணல் சேரும். ஒரே அளவு தண்ணீர் ஏற்ற முன்பு நான்கு மணிநேரம் எடுத்தது இப்போது ஆறு எடுக்கிறது என்று கொப்பியில் தெரியும். கொப்பி எழுதும் ஊர் பம்பியைக் காப்பாற்றும். எழுதாத ஊரில் பம்பி இயக்குபவர் சொல்வார், "தண்ணி மேல ஏறுது சேர், கடைசி வளவுக்குப் போகுதில்ல." பெரும்பாலும் பம்பி தன் கடைசி மாதத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

கிணறு ஏன் வற்றுகிறது? வறட்சி என்பது பாதிப் பதில்தான். மீதி, கிணற்றைச் சோதித்த மாதத்தில் இருக்கிறது. நமது நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கீடு வந்து, விலைமனுக் கோரி, ஒப்பந்தம் எழுதி, துளை போடும் இயந்திரம் ஊருக்குள் வரும்போது ஆண்டின் கடைசிக் காலாண்டாகிவிடும். செலவாகாத காசு திறைசேரிக்குத் திரும்பும் என்ற அவசரத்தில் நவம்பரிலும் டிசம்பரிலும் வேலை முடிக்கப்படும். அந்த நேரம் படுவான்கரையில் அடைமழை. வயலெல்லாம் வெள்ளம் நிற்கும்போது இறைத்துப் பார்த்தால் சாதாரணக் கிணறும் மணிக்கு ஐந்து கனமீற்றர் கொடுக்கலாம். அதை நம்பிப் பம்பியின் அளவும் தாங்கியின் அளவும் தீர்மானிக்கப்படும். செப்ரெம்பரில் அதே கிணறு மூன்று கொடுத்தால் திட்டம் திணறத் தொடங்கும், இரண்டு கொடுத்தால் விழும்.

சரியான சோதனை எளிது. ஓகஸ்ட் அல்லது செப்ரெம்பரில், திட்டமிட்ட அளவில் 24 மணிநேரம் தொடர்ந்து இறைக்க வேண்டும். முதல் மணிநேரத்தில் சில நிமிடத்துக்கொரு முறையும், பிறகு மணிக்கு மணியும் நீர்மட்டத்தை அளந்து எழுத வேண்டும். இறங்கிக்கொண்டு போன மட்டம் ஓரிடத்தில் நின்றால் கிணறு அந்த அளவைத் தாங்கும். கடைசிவரை இறங்கிக்கொண்டே இருந்தால் தாங்காது. நிறுத்திய பிறகு மட்டம் எவ்வளவு வேகமாகத் திரும்பி ஏறுகிறது என்பதையும் அளக்க வேண்டும். ஒரு குழாய்க் கிணற்றுத் திட்டத்துக்கு உறுப்பினர் கையெழுத்து வைக்கும்போது "இறைப்புச் சோதனை எந்த மாதம் நடந்தது?" என்று கேட்டால் போதும். டிசம்பர் என்று பதில் வந்தால் அந்தக் கோப்பு இன்னும் தயாராகவில்லை.

கிணறு கொடுக்கும் நீரில் ஊருக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் பணம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் போகிறது. நான் சொன்ன 150 வீட்டு ஊரில் குழாய்க் கசிவு எவ்வளவு என்று அறிய நிபுணர் தேவையில்லை. ஓர் இரவு பன்னிரண்டு மணிக்குத் தாங்கியை நிரப்பி, பம்பியை நிறுத்தி, நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊர் தூங்குகிறது, குழாய்கள் பூட்டியிருக்கின்றன. அதிகாலை நான்கு மணிக்குத் திரும்ப அளக்க வேண்டும். தாங்கி உள்விட்டம் இரண்டரை மீற்றர் கொண்ட வட்டத் தாங்கி, மட்டம் 80 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது என்றால், யாரும் குடிக்காத 4,000 லீற்றர் நான்கு மணிநேரத்தில் போயிருக்கிறது. மணிக்கு ஆயிரம் லீற்றர், நாளுக்கு 24 கனமீற்றர். அப்படியானால் ஊருக்கு 60 கனமீற்றர் கொடுக்க 84 ஏற்ற வேண்டும். மாதம் 330 யூனிட் எரிய வேண்டிய இடத்தில் 460 எரியும்.

இதைக் கிணற்றோடு சேர்த்துப் பாருங்கள். செப்ரெம்பரில் மணிக்கு நான்கு கனமீற்றர் கொடுக்கும் கிணற்றில் 60 கனமீற்றர் எடுக்க 15 மணிநேரம் போதும். மாலையில் பம்பியை நிறுத்தி வைக்கவும், கிணறு திரும்ப ஊறவும் நேரம் மிஞ்சும். 84 எடுக்க வேண்டுமென்றால் 21 மணிநேரம் ஓட வேண்டும். மின்னழுத்தம் விழும் மாலையிலும் பம்பி ஓடும், கிணறு ஊற இடைவெளியும் இருக்காது. கசிவுதான் பம்பியை எரிக்கிறது என்று சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது. அந்த ஊருக்குத் தேவை இரண்டாவது கிணறு அல்ல. தாங்கியின் வாயில் ஒரு மொத்த நீர்மானி, வீடுகளுக்கு நீர்மானி, உடைந்த இணைப்புகளைத் திருத்த ஒரு குழாய்ப் பொருத்துனர். வீட்டு நீர்மானி இல்லாத ஊரில் எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்பதால், தாங்கிக்குக் கிட்ட இருக்கும் வளவில் தென்னைக்கும் பாயும். கடைசி வளவில் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சி குடத்தோடு அயல் வீட்டுக்குப் போவாள். பெரும்பாலும் ஊரில் பிறகு குடியேறியவர்களும் ஏழைகளும்தான் அந்தக் கடைசி வளவுகளில் இருக்கிறார்கள் என்பதை உறுப்பினர் மறக்கக்கூடாது.

குளோரின் பற்றிச் சுருக்கமாக. 60 கனமீற்றருக்கு, லீற்றருக்கு ஒன்றரை மில்லிகிராம் குளோரின் விகிதம் போட்டால் நாளுக்கு 90 கிராம் குளோரின் வேண்டும். நாம் வாங்கும் ரி.சி.எல். தூளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தான் உண்மையான குளோரின். ஆகவே நாளுக்கு 300 கிராம், மாதத்துக்கு ஒன்பது கிலோ. வெக்கையும் ஈரமும் பட்டால் தூளின் வீரியம் மாதத்துக்கு மாதம் குறையும்; ஒரு வருடத்துக்குச் சேர்த்து வாங்கிப் பம்பி அறையில் அடுக்கினால் கடைசியில் போடுவது சுண்ணாம்புதான். கடைசி வீட்டுக் குழாயில் ஒரு சிறு கண்ணாடிக் குழலில் நீர் பிடித்து, டி.பி.டி. வில்லை ஒன்றைக் கரைத்துப் பார்த்தால் உடனே தெரியும். இளஞ்சிவப்பு வந்தால் குளோரின் அங்கே வரை வந்திருக்கிறது. நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். நிறமே வரவில்லை என்றால் அந்தக் குழாயில் கிருமி இருந்தால் தடுக்க ஒன்றுமில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இதை ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார், வரச் சொல்லி யாராவது கேட்க வேண்டும். இன்னொரு தடையும் உண்டு. "மருந்து மணக்குது மனே, நாளைக்குப் போடாதங்க" என்று வயதான அம்மாக்கள் சொல்வார்கள். இயக்குபவரும் ஊர்ப்பிள்ளை, மறுக்க மாட்டார். முந்தின நாள் பிடித்து மூடிவைத்த நீரில் அந்த மணம் பெரும்பாலும் போய்விடும் என்பதைச் சொல்லிக் கொடுத்தால் அந்தச் சண்டை தீர்ந்துவிடும்.

இனி பவுசர். கூட்டத்தில் மிகச் சத்தமாகப் பேசப்படுவது இதுதான். பம்பி நின்ற 600 பேர் ஊருக்கு ஆளுக்கு 20 லீற்றர் வீதம் கொடுத்தால் நாளுக்கு 12,000 லீற்றர். சந்தியில் வைத்த ஆயிரம் லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கிகளில் ஊற்றிவிட்டுப் பவுசர் போகும். வாகனம், டீசல், சாரதி, உதவியாளர், மூன்று மாதம். குடும்பத்துக்குக் கிடைப்பது நாளுக்கு 80 லீற்றர், அதையும் சந்தியிலிருந்து சுமக்க வேண்டும். அதே ஊரின் பம்பி ஓடினால் வளவுக்குள் 400 லீற்றர் வரும். வறட்சி நேரத்தில் பவுசர் அனுப்பத்தான் வேண்டும், அதில் வாதமே இல்லை. ஆனால் அதே ஊருக்கு ஆண்டுக்காண்டு பவுசர் போகிறதென்றால், அந்த ஊரின் பிரச்சினை வறட்சியா, எரிந்த பம்பியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரித்துப் பார்க்காததற்குக் காரணம் காசு வரும் வழிகள். வறட்சி நிவாரணத்துக்கு அனர்த்த நிதி இருக்கிறது, அவசரம் என்று எழுதினால் வரும். புதிய திட்டத்துக்கு மூலதனச் செலவில் ஒதுக்கீடு இருக்கிறது, கல்வெட்டும் வைக்கலாம். ஏற்கெனவே சங்கத்துக்குக் கொடுத்த திட்டத்தின் பம்பியை மாற்றுவதற்கோ, அது சங்கத்தின் வேலை என்று எல்லா அலுவலகமும் சொல்லலாம், சட்டப்படி அது பிழையும் அல்ல. பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீர் வழங்கும் அதிகாரம் உண்டு, அநேக சபைகளுக்கு அதற்கேற்ற வருமானம் இல்லை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை தன் குழாய் வலையமைப்பைப் பார்க்க வேண்டும். 2014இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் உருவானது நல்ல விடயம், ஆனால் ஊர்ச் சங்கம் தன் கொப்பியோடு யாரிடம் போய் நிற்பது என்பது இன்னும் ஊருக்குத் தெளிவில்லை. கிழக்கு மாகாண சபையும் 2017இல் காலம் முடிந்ததிலிருந்து இயங்கவில்லை. ஆகவே எரிந்த பம்பியை யார் வாங்குவது என்ற கேள்வியைக் கேட்கக்கூடியவர் பாராளுமன்ற உறுப்பினர் மட்டும்தான்.

அவர் என்ன கேட்கலாம்? முதலில், தொகுதியில் உள்ள சமூக நீர் வழங்கல் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பக்கப் பட்டியல்: இன்று ஓடுகிறதா, இல்லையென்றால் எந்த மாதத்திலிருந்து, என்ன காரணம், திருத்த எவ்வளவு. பிரதேச செயலகங்கள் கிராம உத்தியோகத்தர்கள் மூலம் ஒரு மாதத்துக்குள் எடுக்கக்கூடிய பட்டியல்தான் இது. அது கையில் இல்லாமல் புதிய திட்டம் எதற்கும் முன்னுரிமை கொடுப்பது கண்ணை மூடிக்கொண்டு செலவழிப்பது.

அடுத்தது பம்பி மாற்று நிதி. சங்கம் மாதாமாதம் தன் பங்கைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும், பிரதேச செயலகத்தின் இணைக் கையொப்பம் இல்லாமல் எடுக்க முடியாதபடி. பம்பி மாற்றும் நாளில் சங்கம் சேர்த்தது எவ்வளவோ அவ்வளவை அரசாங்கம் போடும். சங்கம் சேர்க்கவில்லை என்றால் அரசின் பங்கும் இல்லை. பணம் மூலதனச் செலவில் வரலாம், ஏனென்றால் பம்பி ஒரு சொத்து. மீண்டெழும் செலவுக்கு இடமில்லை என்ற மறுப்பு இங்கே எழாது. இதில் ஒரு கடினமான இடம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. கூலி வேலையில் வாழும் குடும்பங்களும், கணவரை இழந்த பெண்கள் நடத்தும் குடும்பங்களும் ஐம்பது ரூபாய்க்கும் கணக்குப் பார்ப்பார்கள். அவர்களின் பங்கை அஸ்வெசும பட்டியலின்படி அரசு போடலாம். கட்ட முடியாதவரின் குழாயைப் பூட்டுவது தீர்வல்ல. அவர் திரும்பவும் மூடாத கிணற்றுக்குப் போவார், அடுத்தது வயிற்றோட்டம்.

மூன்றாவது கோரிக்கை நீர்ப்பாசனக் கூட்டத்தில் வைக்க வேண்டியது. படுவான்கரையில் நல்ல கிணறுகள் பெரும்பாலும் குளக்கட்டின் கீழ்ப்பக்கத்தில் இருக்கின்றன, குளத்திலிருந்து கசியும் நீரால் வாழ்கின்றன. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கும்போது, குளத்தில் எந்த மட்டத்துக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதையும் எழுத வேண்டும். விவசாயிகளும் அதே கிணற்று நீரைக் குடிப்பவர்கள்தான், ஆனால் கூட்டத்தில் ஏக்கருக்குப் பேச ஆள் உண்டு, கிணற்றுக்குப் பேச ஆள் இல்லை. மட்டக்களப்பு நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் உன்னிச்சைக் குளத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. அந்த நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவியைத் தாண்டிப் போகிறது. எங்கள் குளத்துத் தண்ணீர் எங்களுக்கு இல்லையா என்று குளத்தை அண்டிய ஊரவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சமூகத் திட்டம் எல்லா இடத்துக்கும் மருந்தல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரதான குழாய் இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள் போகும் ஊருக்குத் தனிக் கிணறும் பம்பியும் வைத்துக் கொடுப்பது வீண். அங்கே நீர் வழங்கல் சபையிடம் மொத்தமாக நீர் வாங்கி, சங்கம் உள்ளூரில் விநியோகிக்கலாம். கிணறும் பம்பியும் எரியும் கவலையும் இல்லை, சங்கத்துக்கு மிஞ்சுவது கசிவும் கட்டணமும்தான். வெடிப்பே இல்லாத பாறைமேல் இருக்கும் சிற்றூர்களுக்குக் குழாய்க் கிணறு எத்தனை போட்டாலும் வராது. அங்கே கூரையில் பிடிக்கும் மழைநீர்த் தாங்கி குடிக்கவும் சமைக்கவும் மட்டும் போதுமாக இருக்கலாம். நான்கு பேருக்கு ஆளுக்குப் பத்து லீற்றர் என்றால் நான்கு மாதத்துக்கு 4,800 லீற்றர், அதாவது 5,000 லீற்றர் தாங்கி ஒன்று. குளிக்கவும் துவைக்கவும் வேறு நீர் வேண்டும்.

இவை எதுவும் அடுத்த வருடத்து மதிப்பீட்டில் வர வேண்டுமென்றால் நேரம் பார்க்க வேண்டும். வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் சபைக்கு வரும்; அமைச்சுகளின் மதிப்பீடுகள் அதற்குச் சில மாதங்கள் முன்பே மூடப்பட்டுவிடும். ஆகவே பட்டியலை மே மாதக் கூட்டத்தில் கேட்டு, ஜூனில் கையில் எடுத்து, ஜூலைக்குள் அமைச்சுக்கு எழுத வேண்டும். இறைப்புச் சோதனைக்கான காசை மட்டும் இந்த வருடத்து ஒதுக்கீட்டிலேயே ஓகஸ்டுக்கு முன் விடுவிக்கச் சொல்ல வேண்டும். கச்சான் ஓய்ந்து முதல் மழை விழுந்துவிட்டால், அந்தக் கிணறுகளின் உண்மையான அளவை அறிய இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும்.